தானாகச் சரியாகிவிடும்

பாண்டிமீனாவிடம் ஜாதகம் பார்க்கப் போனவர்கள் யாரும் பயந்துகொண்டு திரும்பியதில்லை. அவளுக்கு அதில் சின்னப் பெருமை இல்லை, பெரிய பெருமையே இருந்தது. திருமங்கலம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, அல் அமீனின் செல்போன் கடைக்கு மேல்மாடியில் அவளுடைய அறை. அந்த வட்டாரத்தில் ஜோசியர்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஒருவர் கட்டத்தைப் பார்த்ததும் உச்சுக் கொட்டுவார். இன்னொருவர் வாசலிலேயே, "வீட்ல பெரியவங்க யாராச்சும் படுக்கையில இருக்காங்களா?" என்று ஆரம்பித்து, வந்தவர் வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டுத்தான் உட்காரவே சொல்வார். பாண்டிமீனா அந்த ரகம் இல்லை.

கூலி வேலைக்குப் போன அப்பா அம்மாவுக்குப் பிறந்து, அஞ்சல் வழியில் ஜோதிடம் படித்து, தன் பெயருக்குப் பின்னால் ஒரு பட்டத்தையும் போட்டுக்கொண்டவள். சொற்களில் கவனமாக இருப்பாள். சாவைக் குறிக்கிற மாரகம் என்ற சொல்லை அவள் வாயிலிருந்து யாரும் கேட்டது கிடையாது. கண்டம் என்று கட்டத்தில் தெரிந்தாலும் அதைக் "கொஞ்சம் நிதானமா இருங்க" என்று மாற்றிவிடுவாள். ஆயுசைச் சொல்கிற எட்டாம் இடத்தில் சனி உட்கார்ந்திருந்தால் அவள் முகத்தில் ஒரு கோடுகூட விழாது. அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. இந்த நயமான பேச்சே அவள் தொழிலின் மூலதனம்.

தினமும் விடிந்ததும் வாட்ஸாப்பில் ஒரு வாய்ஸ் அனுப்புவாள். அன்றைக்கு எந்த ராசிக்குச் சந்திராஷ்டமம் என்று சொல்கிற வாய்ஸ். பிறந்த ராசிக்கு எட்டாவது ராசியில் சந்திரன் நடக்கிற இரண்டேகால் நாள் அது. மனசு ஒரு நிலையில் இருக்காது, புதிய காரியம் எதையும் தொடங்க வேண்டாம் என்பார்கள். தினசரி காலண்டரிலேயே அச்சடித்து வருகிற சங்கதிதான். இருந்தாலும் தாளைக் கிழித்துப் படிப்பதைவிட, "வணக்கம், நான் உங்க பாண்டிமீனா" என்று ஒரு குரல் சொன்னால் சனங்களுக்கு அது வேறு மாதிரிதான் இருக்கிறது.

முன்பெல்லாம் அந்த வாய்ஸின் கடைசியில் ஒரு வரி வரும். "உடம்புக்கு முடியலன்னா தள்ளிப் போடாம டாக்டரப் பாருங்க." கே.கே. நகரில் இருக்கிற ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஒருநாள் போன் பண்ணினார். "டாக்டரப் பாருங்கன்னு நீங்க சொன்னதுல இருந்து என் சம்சாரம் தூங்கல. எனக்கு ஏதோ இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, அதான் பூசி மெழுகுறீங்கங்கிறா. அப்பிடி ஏதும் இருக்காம்மா?" இப்படியே இன்னும் நாலு பேர் கேட்டார்கள். ஜோசியக்காரி வாயில் டாக்டர் என்று வந்தாலே சனங்களுக்கு அது சாவுக்கு அறிகுறியாகப் படுகிறது போலிருக்கிறது. பாண்டிமீனா யோசித்தாள், அந்த வரியை எடுத்துவிட்டாள். அதற்குப் பதிலாக இன்னொன்றைப் போட்டாள். "உடம்பு கொஞ்சம் அசதியா இருக்கும். பயப்படாதீங்க. சந்திரன் தாண்டினதும் தானாச் சரியாயிடும்." கேட்கவே இதமாக இருந்தது. கும்பிடு போடுகிற படங்களும் இதயப் படங்களும் வந்து குவிந்தன. ஒரு வருஷமாகப் பன்னிரண்டு ராசிக்கும் மாறி மாறி அதே வரிதான் போய்க்கொண்டிருந்தது.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. சந்திரன் கும்பத்தில் நின்றது. கும்பம் கடகத்துக்கு எட்டாவது ராசி என்பதால், முதல் நாள் காலையிலேயே கடக ராசிக்காரர்களுக்கு வாய்ஸ் போயிருந்தது. பாண்டிமீனா அறையைத் திறந்து, விளக்கேற்றி, நாற்காலியில் உட்கார்ந்து ஃபேனைப் போட்டாள். ஃபேன் சுற்றத் தொடங்குவதற்குள் முத்துத்தாய் படியேறி வந்துவிட்டாள்.

முத்துத்தாய் புதியவள் இல்லை. கப்பலூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் அவள் புருஷன் அருண்பாண்டி வீட்டை ஒட்டியே மாட்டுத்தீவனக் கடை வைத்திருந்தார். மூத்த மகள் கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்க வந்ததில் இருந்து அந்தக் குடும்பத்துக்கு எல்லாமே பாண்டிமீனாதான். வண்டி வாங்க, கடைக்கு ஷட்டர் போட, எதற்கும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்ய மாட்டார்கள்.

"யக்கா, சந்திரன் எப்பத் தாண்டுது? அத மட்டும் சொல்லுங்க, நான் அடுத்த வண்டியப் பிடிச்சுப் போகணும்" என்றாள் முத்துத்தாய், உட்காராமலே.

"நாளைக்கு மத்தியானம். ஏன், என்ன விசேஷம்?"

"விசேஷமும் இல்ல ஒண்ணும் இல்ல. இவருக்குத்தான் நேத்து ராத்திரியில இருந்து முடியல. நீங்க சொன்ன அசதிதான். அது எப்ப விடும்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."

பாண்டிமீனா சிரித்தபடி, "அசதின்னா எப்பிடி, தூக்கமா வருதா?" என்று கேட்டாள்.

"தூக்கமா? ராத்திரிப் பூரா ஒக்காந்தே இருக்காரு யக்கா. நெஞ்சுல யாரோ அம்மிக்கல்லத் தூக்கி வச்சாப்புல இருக்காம். இடது தோள்ல இருந்து தாடை வரைக்கும் இழுக்குதாம். சட்டை நனைஞ்சு போற அளவுக்கு வேர்க்குது. விடியக்காலம் ஒருக்கா வாந்தி. வாயுவா இருக்கும்னு பூண்டு தட்டிக் குடுத்தேன், கேக்கல."

பாண்டிமீனாவின் சிரிப்பு அப்படியே நின்றது. அவள் ஜோசியம் படித்தவள், வைத்தியம் படித்தவள் இல்லை. ஆனாலும் தோள், தாடை, வேர்வை என்று அடுக்கிச் சொன்னால் அது என்னவாக இருக்கும் என்று பேருந்து நிலையத்து டீக்கடைக்காரருக்கே தெரியும்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலையா?" குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"எப்பிடிக்கா கூட்டிட்டுப் போறது? நீங்கதான சொன்னீங்க?" முத்துத்தாய் குற்றம் சொல்லும் தொனியில் கேட்கவில்லை. உள்ளபடியே சந்தேகம் வந்தவளாகக் கேட்டாள். தன் போனை எடுத்து, தேடி, அழுத்தினாள். அறைக்குள் பாண்டிமீனாவின் குரல் பாண்டிமீனாவிடமே பேசியது. கடக ராசி நேயர்களே, இந்த ரெண்டேகால் நாளும் புதுசா எந்தக் காரியமும் தொடங்க வேணாம். உடம்பு கொஞ்சம் அசதியா இருக்கும். பயப்படாதீங்க. சந்திரன் தாண்டினதும் தானாச் சரியாயிடும்.

எத்தனை அன்பாக இருந்தது அந்தக் குரல்! ஒரு மனிதர் ராத்திரி முழுக்க வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். பக்கத்தில் இந்தக் குரல், ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று அவரைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறது. கட்டிப் போட்டிருந்தால்கூடக் கயிற்றை அறுத்துக்கொண்டு எழுந்திருப்பார்.

"போனப் போடு. இப்பவே அவரக் கூப்பிடு" என்றாள்.

"யக்கா, எதுவும் மோசமா இருக்கா?" முத்துத்தாயின் முகம் மாறிவிட்டது. "கண்டம் கிண்டம்னா எங்கிட்ட சொல்லுங்க, அவருகிட்ட சொல்லிராதீங்க. அவரு அப்பாவை இப்பிடித்தான் சந்திராஷ்டமத்தன்னைக்கு ஆஸ்பத்திரியில சேத்தாங்க, பொணமாத்தான் கொண்டாந்தாங்க. சாகுறதா இருந்தா என் வீட்டுத் திண்ணையிலயே சாகுறேன்னு ஒக்காந்துக்குவாரு."

பாண்டிமீனா சொல்ல நினைத்திருந்தது அதையேதான். கண்டம் இருக்கிறது, ஓடு என்று ஒரு அதட்டுப் போட்டால் போய்விடுவார் என்று நினைத்திருந்தாள். அந்த வழி அடைபட்டது. பயமுறுத்தினால் அந்த மனிதர் வீட்டை விட்டு நகர மாட்டார். நகர்ந்தாலும் இருக்கிற நெஞ்சுக்கு அந்தப் பயம் வேறா?

இன்னொரு வழியும் தோன்றியது. கணக்குத் தப்பிவிட்டது அண்ணே, சந்திரன் காலையிலேயே தாண்டிவிட்டது என்று ஒரு பொய். உயிர் பிழைக்க ஒரு பொய் சொன்னால் எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது. ஆனால் அருண்பாண்டி கடையில் இருக்கிற காலண்டரில் சந்திராஷ்டமம் கொட்டை எழுத்தில் இருக்கும். நிமிர்ந்து பார்த்தார் என்றால் அவள் பேச்சில் ஒன்றையும் நம்ப மாட்டார். ஒரு போன் பேச்சுத்தான் கையில் இருக்கிறது. அதில் அவர் நம்ப வேண்டும், பயப்படவும் கூடாது, எழுந்து போகவும் வேண்டும்.

முத்துத்தாய் போட்டுக் கொடுத்த போனை வாங்கிக் காதில் வைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் போய்விடுவாரோ என்று நினைத்தாள்.

"ம்" என்றது அருண்பாண்டியின் குரல். ஒற்றை எழுத்துக்கே மூச்சு வாங்கியது.

"அண்ணே, பாண்டிமீனா பேசுறேன். இப்ப எங்க இருக்கீங்க?"

"கடையிலதான் தங்கச்சி. கட்டில்ல சாஞ்சிருக்கேன். எப்ப விடுதாம்?"

"அண்ணே, நான் வாய்ஸ்ல சொன்னது தப்பு. அத முதல்ல கேட்டுக்கங்க. சந்திராஷ்டமம்ங்கிறது பத்திரப்பதிவுக்கு, நிச்சயதார்த்தத்துக்கு, புது வண்டி எடுக்குறதுக்குப் பாக்குறது. நாம நாள் குறிச்சுச் செய்யுற காரியத்துக்குத்தான் அது. வலிக்கு நாள் கெடையாது. நெஞ்சு வலி வந்தா அமாவாசையா அஷ்டமியான்னு யாரும் பாக்க மாட்டாங்க, நானும் பாக்க மாட்டேன்."

"தானாச் சரியாயிடும்னியே?"

"சொன்னேன். எனக்குத் தெரியாததச் சொல்லிட்டேன். உங்களுக்கு இருக்கிறது அசதியா, வாயுவா, வேற ஏதுமான்னு எனக்குத் தெரியாது. அத ஒரு ஈசிஜி எடுத்தா டாக்டருக்குத் தெரியும். நேரம் ஆகாத வேலை. அதப் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னா வீட்டுக்கு வந்துரலாம். இருந்தா அங்கேயே மருந்து இருக்கு."

முத்துத்தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்குறேன்" என்றார் அருண்பாண்டி மெதுவாக. "பாப்பா கல்யாணத்தப்ப என் கட்டத்தப் பாத்து ஆயுசு கெட்டின்னு சொன்னல்ல? அது நெசமா? நெசம்னா நான் இங்கன கெடந்தாலும் பொழச்சுக்குவேன். இல்லன்னா ஆஸ்பத்திரிக்குப் போயும் என்ன ஆகப்போவுது? ரெண்டுல ஒண்ணச் சொல்லு."

பாண்டிமீனா ஆடிப்போனாள். அதையும் அவள்தான் சொல்லியிருந்தாள். பெண்ணைப் பெற்றவர் சந்தோஷமாகப் போகட்டும் என்று, காபிக்குச் சர்க்கரை போடுகிற மாதிரி ஒரு சிட்டிகை. அவரோ அதை இத்தனை நாளும் மடியில் முடிந்து வைத்திருந்திருக்கிறார். ஆமாம் என்று சொன்னாலும் அவர் எழுந்திருக்க மாட்டார், இல்லை என்று சொன்னாலும் எழுந்திருக்க மாட்டார். தான் ஒரு வருஷமாகச் சொன்னது, அதற்கு முன் சொன்னது, எல்லாமே எதிரில் வந்து நின்று வழியை மறிப்பதுபோல் இருந்தது.

"அண்ணே, ஆயுச என்னால சொல்ல முடியாது" என்றாள். "அன்னைக்குச் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது. நல்லதும் கட்டத்த வச்சுச் சொல்ல மாட்டேன், கெட்டதும் சொல்ல மாட்டேன். உங்க கட்டம் என் முன்னாடி இப்ப இல்ல, இருந்தாலும் தெறக்க மாட்டேன். நம்பிக்கை வேணும்னா மனசுக்குச் சாமியக் கும்பிடுங்க. வலிக்கு டாக்டர்தான். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு குறுக்க வராது. நான் நூத்தியெட்டுக்குப் போன் பண்றேன், வண்டி உங்க கடை வாசலுக்கே வரும். நீங்க நடக்க வேணாம், பைக்க எடுக்க வேணாம். அப்பிடியே சாஞ்சு ஒக்காந்திருங்க. பக்கத்துல யாரு இருக்கா?"

"எதுத்த கடைக்காரன் இருக்கான்."

"அவர ஒங்ககூட ஒக்காரச் சொல்லுங்க. முத்துத்தாயும் நானும் நேரா ஆஸ்பத்திரிக்கு வாரோம். வரீங்களாண்ணே?"

பேருந்து நிலையத்தில் ஒரு டிரைவர் ஹாரனை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தான். அவனை இறங்கிப் போய் அறையலாம் போல அவளுக்கு வந்தது.

"அப்பாவையும் இதே சந்திராஷ்டமத்துலதான்..." என்றார் அருண்பாண்டி.

"அவரு வேற, நீங்க வேறண்ணே. அவருக்கு என்ன வியாதின்னே எனக்குத் தெரியாது. சந்திராஷ்டமத்துல சேத்ததால போனாருன்னு எந்த டாக்டரும் சொல்லியிருக்க மாட்டாரு."

"சரி தங்கச்சி" என்றார். பிறகு, "முத்துத்தாய அழ வேணாம்னு சொல்லு" என்றார்.

பாண்டிமீனா நூற்றியெட்டுக்குப் போன் பண்ணிவிட்டு முத்துத்தாயோடு கீழே இறங்க, செல்போன் கடை அல் அமீன், கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டுக் காரை எடுத்தான். திருமங்கலம் அரசு ஆஸ்பத்திரி வாசலில் இவர்கள் இறங்கும்போது நூற்றியெட்டு வண்டி பின்னாலேயே வந்து நின்றது. அருண்பாண்டியை இறக்கியபோது பார்த்தாள். மாட்டுத்தீவன மூட்டையை ஒற்றைக் கையால் தூக்கிப் போடுகிற ஆள் அவர். முகம் சாம்பல் பூத்துப் போயிருந்தது. பாண்டிமீனாவைப் பார்த்து, கும்பிடுவதற்குக் கையைத் தூக்கப் போனார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பணியில் இருந்தவர் ஷைமா என்ற இளம் டாக்டர். ஈசிஜி தாளைப் பார்த்த மாத்திரத்தில் ஒரு மாத்திரையைக் கொடுத்து மென்று விழுங்கச் சொன்னார், ஊசி போடச் சொன்னார், மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போன் செய்தார். எல்லாம் ஒரே மூச்சில் நடந்தது. வண்டி கிளம்புவதற்கு முன்னால் முத்துத்தாயிடம், "ஹார்ட் அட்டாக்மா. ரத்தக்குழாய்ல அடைப்பு. எப்ப இருந்து வலி?" என்று கேட்டார்.

"நேத்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்பறம்."

"ராத்திரியே வந்திருக்கணுமேம்மா. ஒவ்வொரு மணி நேரமும் இதயத்துத் தசை கொஞ்சம் கொஞ்சமாச் செத்துட்டு வரும். ஏன் வரல?"

முத்துத்தாய் பாண்டிமீனாவைப் பார்த்தாள். பிறகு, "வாயுன்னு நெனச்சுட்டோம்மா" என்றாள். இவளைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றுகிறாளாம். பாண்டிமீனாவுக்கு அந்த இடத்திலேயே மண்ணைத் தோண்டிப் புதைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"இல்ல டாக்டர்" என்றாள். "நான் ஜோசியக்காரி. சந்திரன் தாண்டினதும் தானாச் சரியாயிடும்னு நான் சொன்னேன். அத நம்பி இருந்துட்டாங்க."

டாக்டர் ஷைமா நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள், திட்டியிருந்தால் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். "இப்ப அனுப்பினதும் நீங்கதானா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, வண்டி டிரைவரை அவசரப்படுத்தப் போய்விட்டார்.

பெரியாஸ்பத்திரியில் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். உயிருக்கு மோசமில்லை, இதயம் கொஞ்சம் பலவீனப்பட்டிருக்கிறது, இனி மூட்டை தூக்கக் கூடாது என்றார்கள். பாண்டிமீனாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வெளியே வராந்தாவில் முத்துத்தாயின் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். அழுது முடித்த முத்துத்தாய் நடுவில் நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"போன்ல அவரு கொரலக் கேட்டதும் யக்காவுக்குத் தெரிஞ்சுபோச்சு. கட்டத்தக்கூட தெறக்கல. மனசுக்குள்ளயே பாத்துட்டு, எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போன்னுச்சு. எமன் கையில இருந்து புடுங்கிட்டு வந்துருச்சு!"

சொந்தக்காரர்கள் பாண்டிமீனாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் இடுப்பில் இருந்த குழந்தையோடு முன்னால் வந்து, தன் மாமியாருக்கு நெஞ்சடைப்பு வருமா என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். பாண்டிமீனா அதிர்ந்துபோய் நின்றாள். தெரியாது தெரியாது என்று அவள் தலைதலையாய் அடித்துக்கொண்டு சொன்னதுதான் அந்த மனிதரை எழுப்பியது. அதையும் இவர்கள் ஜோசியமாக்கிவிட்டார்கள்!

"எனக்குத் தெரியாதும்மா. பிரஷர், சுகர், கொழுப்பு, மூணையும் பாக்கச் சொல்லு. அதுதான் சொல்லும்" என்றாள். அந்தப் பெண் தலையாட்டினாள். ஆனால் அவள் கண்ணில், ஏதோ தெரிந்துதான் மறைக்கிறாள் என்ற பார்வை இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பாண்டிமீனா முகம் கழுவிவிட்டுப் போனை எடுத்தாள். கடக ராசிக்கு மட்டும் இல்லை, தன் வாய்ஸ் போகிற எல்லாருக்கும் அனுப்பினாள். பல தடவை பேசி, அழித்து, மறுபடியும் பேசினாள். கடைசியில் அனுப்பியது இதுதான்.

"வணக்கம், பாண்டிமீனா பேசுறேன். சந்திராஷ்டமத்துல உடம்பு அசதியா இருக்கும், தானாச் சரியாயிடும்னு ஒரு வருஷமாச் சொல்லிட்டு இருந்தேன். அது தப்பு. அப்பிடிச் சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்ல. உடம்புக்கு என்னன்னு ஜாதகத்துல தெரியாது. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கை கால் இழுக்குறது, வாய் கோணுறது, எது வந்தாலும் நாள் பாக்காம நூத்தியெட்டுக்குப் போன் பண்ணுங்க. டாக்டர் குடுத்த மாத்திரைய என் பேச்சக் கேட்டு நிறுத்தாதீங்க. டாக்டரப் பாருங்கன்னு நான் சொன்னா, உங்களுக்கு ஏதோ இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சதா அர்த்தம் இல்ல. எல்லாருக்கும் சொல்றதுதான். ஆயுசு எம்புட்டுன்னு இனிமே யாரும் எங்கிட்ட கேக்காதீங்க. எனக்குத் தெரியாது."

அனுப்பியதும் மனசு லேசானது. கும்பிடுகிற படங்கள் வந்தன. கே.கே. நகர் தலைமையாசிரியர், "என் மனைவி மறுபடி பயந்துவிட்டாள், ஆனாலும் நல்ல செய்தி" என்று எழுதியிருந்தார். நாளெல்லாம் வயிற்றுக்குள் ஒன்றும் போகாதவளுக்கு அதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. தோசை ஊற்றலாம் என்று எழுந்தாள்.

அப்போது ஒரு வாய்ஸ் வந்தது. சரண்யாதேவி என்று பெயர் காட்டியது. திருமங்கலத்திலேயே தையல் கடை வைத்திருக்கிற பெண். ஆடி மாதம் அவளுடைய அம்மா ராமக்காள் இறந்துபோயிருந்தாள். பாண்டிமீனா துக்கத்துக்குப் போய் மாலை போட்டுவிட்டு வந்திருக்கிறாள். அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டே கேட்டாள்.

"யக்கா, வாய்ஸ் கேட்டேன். ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. எங்கம்மா துலாம் ராசி. அம்மாவுக்கு மூச்சு வாங்குன அன்னைக்குத் துலாத்துக்குச் சந்திராஷ்டமம். நீங்க தானாச் சரியாயிடும்னு போட்டிருந்தீங்க. அம்மாவும் அதையேதான் சொல்லுச்சு. நாங்க இருந்துட்டோம். மறுநாள் போயிருச்சு. பதினாறு முடிஞ்சு நான் உங்ககிட்ட வந்தேன்ல? அம்மா கட்டத்தக் காட்டி, ஆயுசு அம்புட்டுதான், நீ என்ன செஞ்சிருந்தாலும் நின்னிருக்காதுன்னு சொன்னீங்க. அத வச்சுத்தான்க்கா நான் ராத்திரி தூங்குறேன். இன்னைக்கு ஆயுசு தெரியாதுங்கிறீங்க. அப்ப, அன்னைக்கு நான் அம்மாவக் கூட்டிட்டுப் போயிருந்தா பொழச்சிருக்குமா யக்கா?"

பாண்டிமீனா அடுப்பை அணைத்தாள். அணைத்த பிறகும் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. அழுது வீங்கிய முகத்தோடு சரண்யாதேவி எதிரில் உட்கார்ந்திருந்தாள். எட்டாம் இடத்து அதிபதியைக் காட்டி, கிரக திசை மாறியதைக் காட்டி, விரல்விட்டு எண்ணிச் சொல்லி, அந்தப் பெண்ணின் மனபாரத்தை இறக்கி வைத்து அனுப்பியதில் பாண்டிமீனாவுக்கு அன்றைக்குத் தன் தொழில்மீதே மரியாதை கூடியது. நல்ல காரியம் செய்தோம் என்று நினைத்தாள். ராமக்காள் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தபோது தன் குரல் அந்த வீட்டுக்குள் பேசிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது. அருண்பாண்டியாவது ஆள் அனுப்பிக் கேட்டார். அதனால் தெரிந்தது. கேட்காமலே இருந்துவிட்டவர்கள் இன்னும் எத்தனை பேர்? ஒரு வருஷம், பன்னிரண்டு ராசி. அவள் தரையிலேயே உட்கார்ந்தாள்.

இல்லைம்மா, உன் அம்மா விஷயம் வேறு, அது விதி என்று ஒரு வரி அனுப்பினால் போதும். அந்தப் பெண் இன்றைக்கும் தூங்குவாள். இத்தனை வருஷம் வராத சொற்களா என்ன, வரிசையாக வந்து நின்றன, எது வேண்டும் எது வேண்டும் என்று. அவள் வாய்ஸ் அனுப்பவில்லை. போன் செய்தாள். முதல் மணியிலேயே சரண்யாதேவி எடுத்துவிட்டாள்.

"சரண்யா, எனக்குத் தெரியலம்மா" என்றாள் பாண்டிமீனா. "பொழச்சிருக்கும்னும் எனக்குத் தெரியாது, பொழச்சிருக்காதுன்னும் தெரியாது. அம்மாவுக்கு என்ன வந்துச்சுன்னு ஒரு டாக்டர்கூடப் பாக்கலையே. அன்னைக்கு உனக்கு ஆயுசு அம்புட்டுதான்னு தெரிஞ்ச மாதிரிச் சொன்னேன். அது எனக்குத் தெரியாது. ஒண்ணு மட்டும் தெரியும். இருந்துட்டோம், இருந்துட்டோம்னு உன்னையே சொல்லிக்காத. இருங்கன்னு சொன்னது நான்."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பாண்டிமீனா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அறுபடவில்லை.

"யக்கா" என்றாள் சரண்யாதேவி. குரல் சின்னப் பிள்ளை குரல் போல ஆகியிருந்தது. "அன்னைக்கு மாதிரியே சொல்லியிருக்கலாம்லக்கா."

பிறகு அவள் அழ ஆரம்பித்தாள். பாண்டிமீனா போனைக் காதில் வைத்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்திருந்தாள்.